மலை ரயில் நோட்டு: 60 நாள் போட்ட பிளான் மேட்டுப்பாளையத்துல நின்னு போன கதை

திருவாரூர் மங்கை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு ஒரு கதை சொல்லணும்னு இருக்கு. கதைன்னா நடந்ததுதான், என் பள்ளிக்கூடத்து சினேகிதி வசந்தாவும் நானும் போன கார்த்திகைல ஊட்டிக்கு கிளம்பினது. கொஞ்சம் நீளம், பிச்சு பிச்சு போடுறேன்.

நாங்க ரெண்டு பேரும் திருவாரூர்ல ஒரே பெஞ்சு. எங்க ஊர்ல ஒசரமா ஒண்ண பாக்கணும்னா ஆழித்தேரையும் கோபுரத்தையும் விட்டா வேற கிடையாது, சுத்தி எங்க பாத்தாலும் வயலு, மலைங்கிறத புவியியல் புஸ்தகத்துல பாத்ததுதான். 1979ல ஒன்பதாவது படிக்கிறப்ப ஊட்டிக்கு டூர் போட்டாங்க, தலைக்கு 40 ரூபா. எங்க அப்பா குடுத்துட்டாரு. வசந்தா வீட்ல நாலு பொண்ணுங்க, அவ வீட்ல போய் கேக்கவே இல்ல. நான் போனேன், அவ போகல.

இப்ப ரெண்டு பேருக்கும் 60 ஆச்சு. நான் சென்னைல இருக்கேன், அவ போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயராகி ஊர்லயே இருக்கா. போன ஆவணில என் பையன் வீட்டுக்கு வந்தவ திடீர்னு "ஏண்டி, அந்த மலை ரயில்ல என்னைய ஒரு தடவ கூட்டிட்டு போவியா"ன்னு கேட்டா. அவ்ளோதான், மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கிட்டா. ஸ்கேல் வச்சு கோடு போட்டு, தேதி, நேரம், எங்க சாப்பாடு, எத்தன ரூபா, யார் கைல எந்த பை, மாத்திரை எந்த டப்பால, எல்லாம் எழுதினா. முப்பது வருஷம் கவுண்ட்டர்ல கணக்கு முடிச்சவ கை அது. அடிச்சு திருத்தினது ஒண்ணு கூட கிடையாது.

மே மாசம் டிக்கெட் கிடைக்காது, ரூம் வாடகையும் ஏறிரும்னு நவம்பர் கடைசிய எடுத்தோம். 60 நாளைக்கு முன்னாடி காலைல 8 மணிக்கு டிக்கெட் திறக்கும்னு பையன உக்கார வச்சு மேட்டுப்பாளையம் டு ஊட்டி ரெண்டு சீட் எடுத்தாச்சு. முந்தின ராத்திரி சென்ட்ரல்ல நீலகிரி எக்ஸ்பிரஸ், காலைல மேட்டுப்பாளையம், அங்க 7.10க்கு மலை ரயில். ஊட்டில மூணு ராத்திரி.

சமையல் வேலை இருக்கு, மிச்சம் அப்புறம் போடுறேன்.

ஈரோடு சிவா:

அக்கா, நவம்பரா? ஐயோ. சரி, மேல சொல்லுங்க.

நிலாமுற்றம்:

நாங்களும் மே மாசம் ஊட்டி போறோம், நாலு பேருக்கு ரூம் எவ்வளவு ஆகும்னு யாராச்சும் சொல்லுங்களேன், குழந்தைங்க இருக்கு

திருவாரூர் மங்கை:

நிலாமுற்றம், நாங்க போனது கார்த்திகைல மா, மே வாடகை எனக்கு தெரியாது, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

கதைக்கு வரேன். சென்ட்ரல்ல கிளம்பறப்பவே தூறல். வசந்தா ராத்திரி பூரா தூங்கல, ஜோலார்பேட்டை, சேலம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா நோட்டுல டிக் போட்டுட்டே வந்தா. கோயம்புத்தூர் தாண்டி விடியறப்ப ஜன்னல்ல மலை தெரிஞ்சிச்சு, பாதி மேகத்துக்குள்ள. அவ பேசவே இல்ல, கண்ணாடில மூக்க வச்சு பாத்துட்டே இருந்தா.

மேட்டுப்பாளையத்துல இறங்கி பைய தூக்கிட்டு சின்ன ரயில் நிக்கிற பிளாட்பாரத்துக்கு வேகமா போறோம், அங்க கூட்டமா நின்னு ஒருத்தர்கிட்ட கத்திட்டு இருக்காங்க. கவுண்ட்டர் பக்கத்துல போர்டு. கல்லாறு குன்னூர் நடுவுல மண் சரிஞ்சு பாறை விழுந்துருக்கு, இன்னைக்கும் நாளைக்கும் வண்டி ரத்து. என் போன பாத்தா விடிகாலைலயே மெசேஜ் வந்து கெடக்கு, பையடில இருந்ததால ரெண்டு பேருமே பாக்கல.

வசந்தா நோட்ட திறந்தா. அடுத்த வரி "7.10 புறப்பாடு, ஜன்னல் சீட், ஸ்வெட்டர் கைல"ன்னு இருக்கு. அந்த வரி மேலயே விரல வச்சிட்டு நின்னா. எனக்கு அப்ப வயித்த பிசைஞ்சது வண்டி போச்சேன்னு மட்டும் இல்ல, வேற ஒண்ணு இருக்கு, அத சொல்றதுக்குத்தான் இந்த கதையே.

கோவை பாலு:

அம்மா முதல்ல காசு வந்துச்சான்னு பாருங்க. ரயில்வே கேன்சல் பண்ணா காசு திருப்பிக் கேட்டு டிடிஆர்னு ஒரு மனு போடணும், போடலைன்னா பைசா வராது. எங்க மாமாவுக்கு அப்படித்தான் போச்சு.

பல்சக்கரம்:

பாலு தம்பி, பாதி சரி. வண்டியே மொத்தமா ரத்தாயிட்டா ஆன்லைன்ல எடுத்த டிக்கெட்டுக்கு ஒண்ணும் போட வேணாம், தானா ரத்தாகி முழு கட்டணமும் எந்த கணக்குல இருந்து கட்டினாங்களோ அதுக்கே வந்துரும், ஆன்லைன் சர்வீஸ் சார்ஜ் மட்டும் திரும்பாது. டிடிஆர் போடறது வண்டி ஓடி நாம ஏறாம விட்டப்ப, உதாரணமா 3 மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னு பயணத்த விட்டா, இல்ல பாதி வழில நிறுத்திட்டா. கவுண்ட்டர்ல எடுத்த டிக்கெட்டுன்னா தானா எதுவும் நடக்காது, 3 நாளுக்குள்ள கவுண்ட்டர்ல குடுத்து வாங்கணும். உங்க மாமா கவுண்ட்டர் டிக்கெட்ட வீட்லயே வச்சிருந்திருப்பாரோ?

கோவை பாலு:

கவுண்ட்டர் டிக்கெட்தான் சார். கேட்டா பர்ஸ்லயே இருக்குங்கிறாரு இன்னும்.

திருவாரூர் மங்கை:

எங்களுக்கு நாலாம் நாள் வந்துருச்சு, பையன் பாத்து சொன்னான்.

இப்ப அந்த விஷயம். 1979 டூர்ல நான் மலை ரயில்ல ஏறவே இல்லைங்க. எங்கள பஸ்ல கூட்டிட்டு போய் பஸ்லயே கூட்டிட்டு வந்தாங்க, ஊட்டி ஸ்டேஷன்ல நின்ன வண்டிய வெளில இருந்து பாத்தோம், அவ்ளோதான். ஊருக்கு வந்து வசந்தா ஆசையா கேட்டப்ப ஏறினேன்னு சொல்லிட்டேன். சொன்னது மட்டுமா, மேல ஏறும்போது இன்ஜினுக்கு பின்னாடி முதல் பெட்டில உக்காந்தேன், புகை மூஞ்சில வந்து அடிச்சுது, குகைக்குள்ள போறப்ப எல்லாரும் ஊன்னு கத்தினோம், இப்படி கைகால் வச்சு சொன்னேன். அவ அதையே அரைப்பரீட்சைல "மறக்க முடியாத பயணம்"னு கட்டுரையா எழுதினா. தமிழம்மா வகுப்புல வாசிச்சு காட்டினாங்க. எல்லாரும் கை தட்டினப்ப அவ என்னைய பாத்து சிரிச்சா, அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

46 வருஷம் நான் வாய திறக்கல. கல்யாணம், குழந்தை, அவ வீட்டுக்காரர் தவறினது, எல்லாத்துலயும் கூட இருந்தேன், இத மட்டும் சொல்லல. என் மனசுல இருந்த பிளான் என்னன்னா இந்த தடவ அவகூட ஏறிட்டா அந்த பொய் நிஜமாயிரும், அப்புறம் சொல்லவே வேண்டாம். அது மேட்டுப்பாளையத்துல போச்சு.

பிளாட்பாரத்துல சிமெண்ட் பெஞ்சுல உக்காந்தோம். அவ என்னைய தேத்துறா, "விடுடி, நீயாச்சும் அப்பவே போய்ட்டு வந்துட்ட"ன்னு. அதுக்கு மேல என்னால தாங்க முடியல. "நான் போகலடி. அன்னைக்கு ஏறவே இல்ல, உங்கிட்ட பொய் சொன்னேன்"னு சொல்லிட்டேன்.

அவ நோட்ட மூடி மடில வச்சா. "தெரியும்டி"ன்னா.

யாழினி:

அக்கா இங்க நிறுத்தாதீங்க ப்ளீஸ்!! ஆபீஸ்ல உக்காந்து கண்ணு கலங்கிட்டு இருக்கேன்

சேலம் ராஜு:

எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. கூட படிச்சவனும் நானும் 25 வருஷம் கழிச்சு ஒகேனக்கல் போனோம், பரிசல்ல போகணும்னு அவனுக்கு சின்ன வயசுல இருந்து ஆசை. போனா ஆத்துல தண்ணி ஜாஸ்தி, பரிசலுக்கு தடை. அருவில குளிக்கவும் விடல. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருத்தர் கிடைச்சாரு, ரெண்டு பேரும் பாறைல படுத்து எண்ணெய் தேச்சுட்டு வறுத்த மீன் வாங்கி சாப்ட்டு சாயங்காலம் வரைக்கும் பேசிட்டே இருந்தோம். அதுக்கப்புறம் அவன் துபாய் போய்ட்டான், பரிசல் இன்னும் பாக்கி.

திருவாரூர் மங்கை:

ராஜு தம்பி, அவர் லீவுல வரப்ப கண்டிப்பா போங்க, தள்ளி போடாதீங்க.

யாழினி, சொல்றேன் மா. "எப்படிடி தெரியும்"னு கேட்டேன். நோட்டு போடுறதுக்காக புரட்டாசில அந்த ரயில பத்தி கெடச்சதெல்லாம் படிச்சிருக்கா. அப்பதான் பாத்தாளாம், மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னாடி இருந்து பெட்டிங்கள தள்ளிட்டுத்தான் ஏறும், முன்னாடி இருக்காது. "நீ ஏறும்போது இன்ஜினுக்கு பின்னாடி உக்காந்தேன்னியே, புகை மூஞ்சில அடிச்சுதுன்னியே. அத நான் கட்டுரைல எழுதினவ, எனக்கு மறக்குமா"ன்னா.

பல்சக்கரம்:

மங்கைம்மா, நடுவுல வரேன்னு கோச்சுக்காதீங்க. எங்கப்பா ஹில்குரோவ் ஸ்டேஷன்ல லைன நடந்து பாக்கற கீமேனா இருந்தவர், நான் அந்த லைன்லயே வளந்தவன். உங்க சினேகிதி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒண்ணு, இறங்கும்போது இன்ஜின் முன்னாடிதான் இருக்கும். காரணம் ஒண்ணுதான், எப்பவும் பெட்டிகளுக்கு கீழ்ப்பக்கம் இன்ஜின் நிக்கணும். 12 அடிக்கு 1 அடி ஏறுற சரிவு அது, கொக்கி கிக்கி அந்துட்டா பெட்டி தானா கீழ உருண்டுரும், இன்ஜின் கீழ இருந்தா தாங்கிக்கும். அதனால நீங்க "இறங்கும்போது"ன்னு சொல்லியிருந்தா அவங்களுக்கு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

திருவாரூர் மங்கை:

நீங்க சொன்னத இப்பதான் வசந்தாவுக்கு போன்ல படிச்சு காட்டினேன். "நான் அதையும் யோசிச்சேன், இறங்குனத சொல்றாளோன்னு. ஆனா ஏறும்போதுன்னுதான் கட்டுரைல இருக்கு, அவ சொன்னதத்தான் எழுதினேன்"ங்கிறா. கட்டுரை அவளுக்கு இன்னும் வரி வரியா ஞாபகம் இருக்கு.

மேல சொல்றேன். "தெரிஞ்சும் ஏண்டி கேக்கல"ன்னேன். "வண்டில ஏறினா நீயே இன்ஜின பின்னாடி பாப்ப, அப்ப சொல்லுவேன்னு இருந்தேன்"னா. கோவமான்னு கேட்டேன். "ரெண்டு நாள் கோவமாத்தான் இருந்தேன். அந்த ரெண்டு நாள் உன் போன எடுக்கல, ஞாபகம் இருக்கா"ன்னா. இருக்கு. நான் சார்ஜ் இல்ல போலன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

அப்புறம் ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டு போனோம். குன்னூர் வழியா ஊட்டி போற கவர்மெண்ட் பஸ் கிடைச்சுது. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் அவ என் பக்கமா சாய்வா, நான் அவ பக்கமா சாய்வேன், அப்படியே பர்லியாறு வரைக்கும் போச்சு. அங்க பஸ் நின்னுச்சு, இறங்கி டீ வாங்கினா, ஒரு கிளாஸ எங்கிட்ட நீட்டிட்டு "மலையில ஏறினா காது அடைக்கும்னு நீ சொல்லவே இல்லையேடி"ன்னா. அதுக்கப்புறம் பழையபடி ஆயிட்டோம்.

கோவை பாலு:

இ-பாஸ் இல்லாம எப்படி மா விட்டாங்க? நீலகிரிக்கு இப்ப இ-பாஸ் கட்டாயமாச்சே.

ஈரோடு சிவா:

அது சொந்த வண்டி, வாடகை வண்டிக்கு பாலு. அரசு பஸ்ல, ரயில்ல போறவங்களுக்கு தேவையில்ல. ஆனா பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போனா செக்போஸ்ட்ல வாங்கி வச்சிருவாங்க.

திருவாரூர் மங்கை:

எங்ககிட்ட சில்வர் செம்புதான், நோட்டுலயே எழுதியிருந்தா "பாட்டில் வேணாம்"னு.

குன்னூர் வந்ததும் வசந்தா எந்திரிச்சு பைய எடுத்துட்டா. ஊட்டிக்குத்தானே டிக்கெட்டுன்னேன். "ஸ்டேஷன் இங்க இருக்குடி, எட்டிப் பாத்துட்டு போலாம்"னா. மழை விட்டு ஒரே பனி, பத்தடில இருக்கறவங்க தெரியல. ஸ்டேஷன்ல போய் கேட்டா, அடைச்சது கீழ் பக்கம் மட்டும்தானாம், குன்னூர் டு ஊட்டி வண்டி ஓடுதாம், ரிசர்வேஷன் இல்லாம கவுண்ட்டர்லயே டிக்கெட் குடுக்கறாங்களாம்! அங்க மேட்டுப்பாளையத்துல கத்திட்டு இருந்த அத்தன பேர்ல ஒருத்தருக்கும் இது தெரியல, எங்களுக்கும் தெரியாது.

வண்டிக்கு நேரம் இருந்துச்சு. பக்கத்து ஷெட்டுல நீராவி இன்ஜின் ஒண்ணு மூச்சு விடாம சும்மா நிக்குது. அங்க வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட வசந்தா என்னமோ கேட்டா, அவர் எங்கள பிளாட்பார ஓரத்துக்கு கூட்டிட்டு போய் கீழ லைன காட்டினாரு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வச்ச கம்பி ஒரு ஜோடி. கிரீஸ் பூசி கருப்பா, மழைத்தண்ணி பல்லு இடுக்குல நிக்குது. ஒரு கம்பில பல்லு இருக்கற எடத்துக்கு நேரா பக்கத்து கம்பில பள்ளம் வருது, ஏன்னு கேட்டதுக்கு "எப்பவும் ஒரு பல்லாச்சும் கடிச்சிட்டு இருக்கணும்மா"ன்னாரு. வசந்தா குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் நோட்டுல 7.10ன்னு இருந்த வரிக்கு கீழ அந்த பல்ல படமா வரைஞ்சா, குடை பிடிச்சது நான்.

பல்சக்கரம்:

அந்த படத்த ஒரு நாள் போடுங்கம்மா. அந்த பல்லுக்கம்பிதான் கல்லாறு தாண்டினதும் ஆரம்பிச்சு குன்னூர்ல முடியும். குன்னூருக்கு மேல சரிவு கம்மி, சாதா சக்கரமே போதும், அதனாலதான் கீழ அடைச்சாலும் மேல வண்டி ஓட முடியுது. 1899ல குன்னூர் வரைக்கும்தான் போட்டாங்க, ஊட்டி வரைக்கும் வந்தது 1908ல.

இன்னொன்னு, ரெண்டு நாள் ரத்துன்னு போட்டா எல்லாரும் பாறைய தள்ளிட்டா வண்டி விட வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. பாறை விழுந்தா வெடி வச்சோ கடப்பாரை போட்டோ எடுத்துரலாம். ஆனா பாறை மோதி அந்த பல்லுக்கம்பி கொஞ்சம் நகந்திருந்தாலே இன்ஜின் பல்லு ஒழுங்கா உக்காராது, அந்த சரிவுல அது விளையாட்டு இல்ல. அத விட மோசம் தண்டவாளத்துக்கு அடில மண்ணு கரைஞ்சு போறது. கம்பி மட்டும் அந்தரத்துல தொங்கும். எங்கப்பா மழை ராத்திரி லாந்தர் எடுத்துட்டு போவாரு, பாறைய விட தண்ணி சத்தத்துக்குத்தான் பயப்படுவாரு, லைனுக்கு அடில சலசலன்னு கேட்டா அங்க மண்ணு போகுதுன்னு அர்த்தம். அப்படி ஆச்சுன்னா தடுப்பு கட்டி மண்ணு நிரப்பி வெறும் இன்ஜின ஓட்டி பாத்துட்டுத்தான் ஜனங்கள ஏத்துவாங்க. அதனால ரத்து தேதி தள்ளிட்டே போச்சுன்னா அடி மண்ணு போயிருக்குன்னு புரிஞ்சுக்கலாம்.

திருவாரூர் மங்கை:

எங்களுக்கும் அப்படித்தான் தேதி தள்ளிட்டே போச்சு சார், ரெண்டு நாள்னு சொன்னது நாங்க திரும்பி வர வரைக்கும் திறக்கல.

குன்னூர்ல வர்க்கி கால் கிலோ வாங்கிட்டு வண்டில ஏறினோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி வரப்ப பனி சட்டுன்னு விலகிருச்சு, கீழ பள்ளத்தாக்கு பூரா படிப்படியா காய்கறி தோட்டம், சின்ன சின்ன வீடு, எங்கயோ அடுப்பு புகை. வசந்தா கைல வர்க்கி அப்படியே இருக்கு, பாதி கடிச்சது. அதுக்கப்புறம் ஒரு குகை வந்துச்சு. பெட்டில காலேஜ் பசங்க ஊன்னு கத்தினாங்க. இவளும் கத்தினா, என் கைய புடிச்சிட்டு. 60 வயசு, போஸ்ட் ஆபீஸ்ல அதிர்ந்து பேசாதவ. வெளிச்சம் வந்ததும் "இது நீ சொன்னது மாதிரியே இருந்துச்சுடி"ன்னா.

ஊட்டி ரூம்ல போய் பைய வச்சதும் நோட்ட எடுத்தா. நான் நெனச்சேன் மறுநாள் தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ்னு இருக்கே, அத மாத்தி எழுதுவாளோன்னு. அவ ஓரத்துல கணக்கு போடுறா. "மேட்டுப்பாளையத்துல இருந்து மொத்தம் 46 கிலோமீட்டர். இன்னைக்கு நமக்கு கெடச்சது 19 சொச்சம். நாளைக்கு கீழ போய் மேல வந்தா இன்னும் ரெண்டு 19, மொத்தம் 57. வாங்கின டிக்கெட்ட விட அதிகமாவே போயிருப்போம்"னா.

அப்படியே செஞ்சோம். மறுநாள் குன்னூருக்கு இறங்கி, அங்க சாப்ட்டு, அடுத்த வண்டில ஏறி வந்தோம். மூணாவது நாளும். தொட்டபெட்டா போகல. கார்டனுக்கு ஒரு மணி நேரம் போனோம், அதுவும் மழையில ஓடி வந்துட்டோம். மிச்ச நேரமெல்லாம் ரயில்தான். ரெண்டாம் நாள் அந்த கட்டுரைய முழுசா எனக்கு சொன்னா, நான் சொன்ன பொய்ய அவ எவ்ளோ அழகா எழுதியிருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, அப்ப வகுப்புல வாசிச்சப்ப நான் குத்த உணர்ச்சில காதுல வாங்கவே இல்ல.

யாழினி:

அக்கா, அவங்கள அந்த கட்டுரைய மறுபடியும் எழுத சொல்லுங்க, இந்த தடவ நிஜ பயணத்த

ஈரோடு சிவா:

அருமையா சொன்னீங்க அக்கா. ஆனா நான் முதல்ல ஐயோன்னு சொன்னதுக்கு காரணம் சொல்லிடறேன். வடகிழக்கு பருவமழை அந்த கிழக்கு சரிவ நேரா அடிக்கும், குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நனைஞ்சே கிடக்கும். கூடலூர் பக்கத்துக்கு ஆடி மழை, இந்த பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழை. ரயில் ஏறுறது சரியா இந்த சரிவுலதான். வருஷா வருஷம் நவம்பர்ல ரத்து செய்தி வராம இருக்காது. ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் போங்க.

பல்சக்கரம்:

சிவா சொல்றது மழைக் கணக்குல சரி. ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். மார்ச்ல போனா அந்த லைன்ல பாதி அருவி காஞ்சிருக்கும், காடு சருகா இருக்கும். ரன்னிமேடு பக்கம் கார்த்திகைல பாக்கறத மாதிரி வேற எப்பவும் பாக்க முடியாது. பாக்கணும்னா நவம்பர்தான், வண்டி ரத்தானா பரவால்லன்னு ரெண்டு நாள் சேத்து வச்சிட்டு போகணும்.

ஈரோடு சிவா:

60 வயசுக்காரங்க ரெண்டு பேர ரெண்டு நாள் மேட்டுப்பாளையத்துல காத்திருக்க சொல்றீங்களா சார்? கிடைக்காத அருவிய விட காஞ்ச காடு மேல்.

பல்சக்கரம்:

டிசம்பர் கடைசில ஒரு இடைவெளி கிடைக்கும், மழை குறைஞ்சு அருவி இருக்கும். ஆனா அது பள்ளிக்கூட லீவு, டிக்கெட் கிடைக்கறது கஷ்டம். அத மறுக்கல.

நிலாமுற்றம்:

அப்ப மே மாசம் மழை இருக்காதா? டிக்கெட் எடுத்துடலாமா?

ஈரோடு சிவா:

கோடை மழை சாயங்காலம் வரும், இந்த அளவுக்கு அடைக்காது. ஆனா 60 நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு போன்ல ரெடியா உக்காருங்க, கொஞ்சம் தாமதிச்சாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். கிடைக்கலைன்னா இப்ப அக்கா சொன்ன வழி, பஸ்ல குன்னூர் போய் அங்கிருந்து ரயில். சீசன்ல அந்த க்யூவும் நீளமா இருக்கும், முன்னாடியே போயிருங்க.

திருவாரூர் மங்கை:

எல்லாருக்கும் நன்றி. இப்ப நான் உங்ககிட்ட கேக்க வந்தது. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் எங்களுக்கு பாக்கி இருக்கு. வசந்தா அந்த பல்லு கடிக்கிற சத்தத்த கேக்கணும்ங்கிறா, இன்ஜின் பின்னாடி இருந்து தள்றத திரும்பி பாக்கணும்ங்கிறா. பிப்ரவரிக்கு எடுக்கலாம்னு இருக்கோம். ஏறும்போது எந்த பக்கம் உக்காந்தா பள்ளத்தாக்கு தெரியும்?

கோவை பாலு:

இடது பக்கம் மா. நான் நாலு தடவ போயிருக்கேன்.

சேலம் ராஜு:

வலது பக்கம்தான் எனக்கு நல்லா தெரிஞ்சுது.

பல்சக்கரம்:

208 வளைவு இருக்கு அந்த லைன்ல, பள்ளம் பக்கம் மாறிட்டே வரும். ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க உக்காந்த பக்கம். பின்னாடி இன்ஜின பாக்கணும்னா கடைசி பெட்டில எடுங்க. முன்னாடி பாதை தெரியணும்னா முதல் பெட்டி, அங்க ஓரத்துல பிரேக்மேன் கொடியோட நிப்பாரு, அவரையும் பாக்கலாம். ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

திருவாரூர் மங்கை:

வசந்தா லைன்ல இருக்கா, எல்லாத்தையும் படிச்சேன். ஏறும்போது கடைசி பெட்டி இடது பக்கம், இறங்கும்போது முதல் பெட்டி வலது பக்கம்னு நோட்டுல எழுதிட்டாளாம். ஏறும்போது இன்ஜின் எங்க இறங்கும்போது எங்கன்னு படமும் போட்டிருக்காளாம். ரிட்டர்னும் ரயில்லதான்டின்னு முடிவே பண்ணிட்டா. டிக்கெட் திறக்கற அன்னைக்கு இந்த தடவ பையன் வேண்டாமாம், அவளே போன்ல எடுக்கறாளாம், நான் 7.50க்கு அவள கூப்பிட்டு எழுப்பி விடணுமாம்.